நூறு நாள் வேலைப் பிரிவிலிருந்து தனியார் கம்பெனிக்கு

அன்புள்ள ஐயா,

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பதினோரு வருட சர்வீஸ். அதில் ஆறு வருடம் நூறு நாள் வேலைப் பிரிவு. குடும்பச் சூழலால் கோவைக்குப் போக வேண்டியிருக்கிறது. தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறேன், ஒரு அழைப்பும் இல்லை. பயோடேட்டாவில் 'உதவியாளர், ஊதிய நிலை 10, எம்ஜிஎன்ஆர்இஜிஎஸ் பிரிவு, 34 ஊராட்சிகள்' என்று போட்டிருக்கிறேன். என்ன தப்பு?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த வரியில் பொய் எதுவும் இல்லை. ஆனால் படிக்கிற எச்.ஆருக்கு அதில் ஒன்றுமே பிடிபடாது. உதவியாளர் என்றால் ஃபைல் எடுத்துக் கொடுப்பவர் என்று நினைப்பார். இளநிலை உதவியாளராகச் சேர்ந்து பதவி உயர்வில் வந்த இடம் அது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊதிய நிலையை எடுத்துவிடுங்கள். 'இரண்டாம் நிலைப் பதவி, பதவி உயர்வு பெற்றது' என்றால் போதும்.

பதவிப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். மேனேஜர் என்று போட்டுக்கொள்ளச் சிலர் சொல்வார்கள். வேலைக்கு எடுக்கும் முன் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். விடுவிப்பு ஆணையில் உதவியாளர் என்றிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். பதவிப் பெயர் அப்படியே இருக்கட்டும். அதன் கீழே அந்த நாற்காலியில் என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள்.

என்ன நடந்தது? பணித்தளத்தில் வருகைப் பட்டியல் எடுக்கிறார்கள். ஓவர்சியர் வேலையை அளந்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏற்றுகிறார். நீங்கள் இரண்டையும் ஒத்துப் பார்த்து, கூலிப் பட்டியல் போட்டு, பணத்தைக் கணக்குக்கு அனுப்பும் ஆணையான எஃப்டிஓ தயாரித்து ஒப்புதலுக்கு வைக்கிறீர்கள். வருகைப் பட்டியல் முடிந்த 15 நாளுக்குள் கூலி போய்ச் சேர வேண்டும்; 16-வது நாளைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் பாக்கிக் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு. ஆதார் இணைப்புக் கோளாறில் திரும்பி வந்த பணத்தை ஒவ்வொன்றாகச் சரிசெய்து மறுபடி அனுப்புகிறீர்கள். அப்புறம் சமூகத் தணிக்கை வருகிறது, ஆட்சேபணைக்குப் பதில் எழுதுகிறீர்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர்களை வைத்து வேலை வாங்கும் கம்பெனிகளில் இதே வேலைக்கு வருகைப்பதிவு மற்றும் பேரோல் ஆபரேஷன்ஸ் என்று பெயர். கோவையில் ஆலைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஆள் அனுப்பும் நிறுவனங்கள் இதற்குத்தான் ஆள் தேடுகின்றன. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பயோடேட்டாவை அனுப்பாமல், முதலில் இவர்களிடம் போங்கள்.

வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: 'உதவியாளர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம், தமிழ்நாடு அரசு. 34 கிராமங்களில் சிதறிக் கிடக்கும் தினக்கூலித் தொழிலாளர்களின் வருகைச் சரிபார்ப்பு, கூலிப் பட்டியல், வங்கிக் கணக்குக்கு நேரடிப் பட்டுவாடா. சட்டப்படியான 15 நாள் கெடு. தோல்வியடைந்த பட்டுவாடாக்களைச் சரிசெய்தல், தணிக்கைக்குப் பதிலளித்தல்.' திட்டத்தின் பெயர் கடைசியில் ஒரு முறை வந்தால் போதும். தொழிலாளர்கள் எத்தனை பேர், வருடத்துக்கு எவ்வளவு கூலி போயிற்று, கெடுவுக்குள் போனது எத்தனை சதவீதம் என்ற மூன்று எண்களையும் சேர்த்துவிடுங்கள். திட்டத்தின் இணையதள அறிக்கைகளில் உங்கள் ஒன்றியத்துக்கே அவை கிடைக்கும். அலுவலக ஃபைலிலிருந்து எதையும் எடுக்காதீர்கள்.

'ஒப்புதலுக்கு வைத்தேன்' என்பதை 'ஒப்புதல் அளித்தேன்' என்று ஆக்கிவிட வேண்டாம். கையெழுத்து பி.டி.ஓ.வுடையது. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும். உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்பார்கள். நேரடியாக யாரும் இல்லை, ஆனால் 34 ஊராட்சிச் செயலர்களிடமும் பணித்தளப் பொறுப்பாளர்களிடமும் வாரந்தோறும் குறித்த நாளில் பட்டியல் வாங்கியது நான்தான் என்று சொல்லுங்கள். தனக்குக் கீழே இல்லாதவர்களிடம் வேலை வாங்கத் தெரிந்தவர் என்பது அந்தக் கம்பெனிகளுக்குப் பெரிய விஷயம்.

அடுத்தது சம்பளம். தற்போதைய சிடிசி, அதாவது உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்ன என்று கேட்டால் பெரும்பாலான அரசு ஊழியர்கள் கையில் வரும் தொகையைச் சொல்லி, அங்கேயே இழந்துவிடுகிறார்கள். உங்கள் சர்வீஸ் கணக்குப்படி நீங்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டமான சிபிஎஸ்ஸில் இருப்பீர்கள். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் உங்களிடம் 10 சதவீதம் பிடிக்கிறார்கள், அரசும் அதே அளவு போடுகிறது. அரசு போடுவது சம்பளப் பட்டியலில் உங்கள் வருமானமாகத் தெரியாது. அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 60,000 என்றால் அரசின் பங்கு 6,000, வருடத்துக்கு 72,000. மொத்தச் சம்பளத்தோடு இதையும் கூட்டிச் சொல்லுங்கள். அது மிகையல்ல, சிடிசி என்பதே அப்படிப் போடுகிற கணக்குதான்.

அவர்கள் ஒரு தொகை சொல்லும்போது இதையே திருப்பிப் போடுங்கள். அதில் கம்பெனி கட்டும் பிஎஃப் இருக்கும், பல இடங்களில் கிராஜுவிட்டியும் இருக்கும். பிரித்து எழுதித் தரச் சொல்லி, மாதம் கையில் என்ன வரும் என்று பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். ஆஃபர் கடிதம் கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதும்.