சலானில் ஆண்டு மாறிவிட்டதா? வாசகர் கேள்விகளுக்கு ஆடிட்டர் பதில்கள்

ஜூலை பிறந்தாலே என் மேசைக்கு ஒரே மாதிரியான கடிதங்கள் வரும். வரியைக் கட்டியாகிவிட்டது, வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போய்விட்டது, ஆனால் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. இந்த முறை வந்தவற்றில் ஐந்தை எடுத்துக்கொள்கிறேன்.

பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கிறேன். 24ஆம் தேதி நெட் பேங்கிங்கில் 38,400 ரூபாய் வருமான வரி கட்டினேன். ரசீதில் 2024-25 என்று இருக்கிறது. நான் கட்டியதும் 2024-25 வருஷத்துக்குத்தானே, சரிதானுங்களா? பையன் தப்பு என்கிறான்.

பையன் சொல்வதுதான் சரிங்க. நீங்கள் சம்பாதித்த வருஷம் 2024-25. ஆனால் திரையில் Assessment Year என்று கேட்பது அதற்கு அடுத்த வருஷம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை வந்த வருமானத்துக்கு 2025-26 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் 2024-25ஐத் தொட்டதால் பணம் ஒரு வருஷம் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது. சந்தேகமிருந்தால், உங்கள் பான் எண்ணில் சேர்ந்த வரியைக் காட்டும் 26AS படிவத்தை அந்த ஆண்டுக்குத் திறந்து பாருங்கள். 38,400 அங்கேதான் இருக்கும். 2025-26க்கு உரிய படிவத்தில் இருக்காது.

நல்லவேளை, சீக்கிரம் பார்த்துவிட்டீர்கள். மதிப்பீட்டு ஆண்டை இணையத்தில் நாமே திருத்துவதற்குப் பணம் கட்டிய தேதியிலிருந்து ஏழு நாள்தான் அவகாசம். 24ஆம் தேதி கட்டியிருக்கிறீர்கள், எனவே 30ஆம் தேதியைத் தாண்ட விடாதீர்கள். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணில் நுழைந்து, Services மெனுவில் Challan Correction போங்கள். புதிய கோரிக்கை தொடங்கி, திருத்த வேண்டியது Assessment Year என்று காட்டி, அந்தச் சலானைத் தேர்ந்தெடுத்து 2025-26 என்று மாற்றுங்கள். கடைசியில் ஆதார் ஓடிபி கேட்கும். அதைப் போட்டால்தான் கோரிக்கை உள்ளே போகும். பலர் அந்த இடத்தில் ஓடிபி வரவில்லையென்று மூடிவிட்டு, திருத்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். திரும்பவும் அதே பக்கத்துக்குப் போய் நிலவரத்தைப் பார்த்துவிடுங்கள்.

நிதானமாகச் செய்யுங்கள், ஏனென்றால் இணையத்தில் ஒரு சலானுக்கு ஒரு முறைதான் திருத்தம். 26ASஇல் பணம் சரியான ஆண்டுக்கு மாறிய பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். மாறுவதற்கு முன் செய்தால், நீங்கள் கட்டியதாகச் சொல்லும் தொகையைத் துறையின் கணினி அந்த ஆண்டில் தேடும், கிடைக்காது, வரி பாக்கி என்று நோட்டீஸ் வரும்.

ஈரோட்டில் மஞ்சள் மண்டி. இதே தவறைப் போன வருஷம் செய்திருக்கிறேன், கவனிக்கவே இல்லை. இப்போது 143(1) அறிவிப்பில் வட்டியோடு சேர்த்துப் பாக்கி காட்டுகிறார்கள். இன்னொரு முறை கட்டிவிட்டு, பழைய பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா?

அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். தவறான ஆண்டில் கிடக்கும் பணம் தானாக உங்கள் வங்கிக்குத் திரும்பாது.

ஏழு நாள் எப்போதோ போய்விட்டதால் இனி உங்கள் பகுதி வருமான வரி அதிகாரியிடம்தான் போக வேண்டும். அவர் யார் என்பதைத் தளத்திலேயே உங்கள் பான் எண்ணைக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு பக்கக் கடிதம் போதும். சலானின் பிஎஸ்ஆர் குறியீடு, கட்டிய தேதி, சலான் வரிசை எண், தொகை, இப்போது இருக்கும் ஆண்டு, இருக்க வேண்டிய ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். ரசீது, இரண்டு ஆண்டுகளின் 26AS, வந்த அறிவிப்பு, இவற்றின் நகல்களை இணையுங்கள். தபாலில் போடுவதைவிட நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது.

அதே சமயம் தளத்தில் Response to Outstanding Demand பகுதிக்குப் போய், பாக்கியை ஏற்கவில்லை என்று பதில் போட்டு, சலான் விவரத்தையும் குறிப்பிடுங்கள். பதிலே போடாமல் விட்டால், அடுத்து வரும் ரீஃபண்டில் இந்தப் பாக்கியைக் கழிக்க முற்படுவார்கள். பாக்கிக்கு 30 நாள் தாண்டினால் மாதம் ஒரு சதவீத வட்டி வேறு ஓடும்.

அதிகாரி பணத்தை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பாக்கி தானாக அழியாது. 26ASஇல் மாற்றம் தெரிந்த பிறகு, தளத்தில் Rectification பகுதியில் ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கச் சொல்லிக் கோரிக்கை போட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறவர்கள் நிறையப் பேர். மாறுவதற்கு முன் போட்டால் அதே பாக்கிதான் திரும்ப வரும்.

நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். நோட்டீஸில் கேட்ட பாக்கியைப் பைசா விடாமல் கட்டிவிட்டேன். ஆண்டும் சரிதான். ஆனாலும் பாக்கி அப்படியே நிற்கிறது.

ரசீதில் கட்டணத்தின் வகையைப் பாருங்கள். 300 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். அது ரிட்டர்ன் போடும்போது நாமாகக் கணக்கிட்டுக் கட்டும் வரி. துறை கேட்ட பாக்கியைக் கட்ட 400 என்ற வகை. 300இல் போனதால் பாக்கியோடு பொருந்தவில்லை. வகையை மாற்றப் பணம் கட்டியதிலிருந்து 30 நாள் உண்டு. அதற்குள் இருந்தால் மேலே சொன்ன Challan Correctionதான், தாண்டிவிட்டால் அதிகாரிதான். அடுத்த முறை பாக்கிப் பட்டியலிலேயே இருக்கும் Pay Now வழியாகக் கட்டுங்கள், வகையை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இருக்காது.

திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட். ஜிஎஸ்டிக்கு சிஜிஎஸ்டி 21,000, எஸ்ஜிஎஸ்டி 21,000 கட்ட வேண்டும். தவறி 42,000த்தையும் ஐஜிஎஸ்டியில் போட்டுவிட்டேன். ஐஜிஎஸ்டியை எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே, 3பி ரிட்டர்னில் ஏன் எடுக்க மாட்டேன் என்கிறது?

உங்களுக்குச் சொன்னவர் இன்புட் கிரெடிட்டைப் பற்றிச் சொல்லியிருப்பார். ஐஜிஎஸ்டி கிரெடிட்டை மற்ற இரண்டுக்கும் பயன்படுத்தலாம். ரொக்க லெட்ஜரில் கட்டிய பணத்துக்கு அந்தச் சலுகை இல்லை. எந்தத் தலைப்பில் போட்டீர்களோ அந்தத் தலைப்புக்குத்தான்.

ஆனால் இதற்கு எந்த அலுவலகத்துக்கும் போக வேண்டாம். பணத்தை நீங்களே நகர்த்தலாம். ஜிஎஸ்டி தளத்தில் Electronic Cash Ledger பக்கத்திலேயே PMT-09 படிவம் இருக்கிறது. ஐஜிஎஸ்டி தலைப்பில் வரி என்ற கட்டத்திலிருந்து 21,000 சிஜிஎஸ்டி வரிக்கு, இன்னொரு 21,000 எஸ்ஜிஎஸ்டி வரிக்கு என்று இரண்டு பதிவுகள் போட்டுத் தாக்கல் செய்யுங்கள். அப்புறம் லெட்ஜரைப் பார்த்துவிட்டு 3பியைப் போடலாம். வரிக்குப் பதில் வட்டியிலோ தாமதக் கட்டணத்திலோ போட்டுவிட்டவர்களுக்கும் இதே படிவம்தான்.

லெட்ஜரில் செலவாகாமல் கிடக்கும் பணத்துக்கு மட்டுமே இது உதவும். 3பியில் கழித்துவிட்ட பணத்தை PMT-09 தொடாது. உள்ளூர் விற்பனையை வெளிமாநில விற்பனை என்று நினைத்து ஐஜிஎஸ்டி கட்டியே முடித்துவிட்டால், சிஜிஎஸ்டி சட்டத்தின் 77ஆம் பிரிவும் அதற்கு இணையான ஐஜிஎஸ்டி சட்டத்தின் 19ஆம் பிரிவும் பேசும் நிலைமை அது. சரியான வரியை மறுபடி கட்ட வேண்டும், அதற்கு வட்டி கிடையாது. தவறாகக் கட்டியதை, சரியான வரியைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ரீஃபண்டாகக் கேட்கலாம்.

கோபியிலிருந்து எழுதுகிறேன். என் வரியை அப்பாவின் பான் எண்ணில் கட்டிவிட்டேன். மூன்று நாள்தான் ஆகிறது.

மூன்று நாளானாலும் மூன்று மணி நேரமானாலும் பான் எண்ணை இணையத்தில் நாமாகத் திருத்த வழியில்லை. அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். அந்தத் தொகை தன்னுடையது அல்ல, அதைத் தன் ரிட்டர்னில் கோரவும் இல்லை என்று அப்பா கையெழுத்திட்ட கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் ஸ்டேட்மென்டும் வேண்டும். திருத்தம் முடியும்வரை அப்பாவின் ரிட்டர்னைப் போடும்போது கவனம்: தளம் தானாகவே அந்தச் சலானை அவர் கணக்கில் நிரப்பி வைத்திருக்கலாம். அதை நீக்காமல் தாக்கல் செய்தால் பணம் அங்கே கழிந்துவிடும், பிறகு மாற்றுவது பெரும்பாடு.