ஜல்லிப் பரிசோதனை அறிக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கான்கிரீட்டுக்கான ஜல்லியின் ஆய்வக அறிக்கையை அனுப்பி விளக்கம் கேட்ட கடிதங்களிலிருந்து ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வரம்புகள் யாவும் ஐ.எஸ். 383 தரநிலையின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பின்படியும், சோதனை முறைகள் ஐ.எஸ். 2386-இன்படியும் சொல்லப்படுகின்றன.

முக்கால் ஜல்லி, அரை ஜல்லி இரண்டுமே கிரேடிங்கில் தேறியதாக அறிக்கை சொல்கிறது. 60-க்கு 40 என்று கலந்து போட்டால் கான்கிரீட்டில் சாந்து தனியாகவும் கல் தனியாகவும் பிரிகிறது. அறிக்கை தவறா?

அறிக்கையில் தவறில்லை, அது பதில் சொன்ன கேள்விதான் வேறு. எந்த அளவுக் கல் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று சலித்துப் பார்ப்பதே கிரேடிங். நீங்கள் அனுப்பியதில் 20 மி.மீ. முக்கால் ஜல்லியும் 12.5 மி.மீ. அரை ஜல்லியும் ஒற்றை அளவுக் கல்லுக்கான வரம்போடு தனித்தனியே ஒப்பிடப்பட்டிருக்கின்றன. ஆனால் மிக்சருக்குள் போவது கலவை. அது பல அளவுக் கற்கள் சேர்ந்த 20 மி.மீ. கிரேடட் ஜல்லிக்கான வரம்பில் அமைய வேண்டும். அந்த வரம்பின்படி 20 மி.மீ. சல்லடையில் 90 முதல் 100 சதவீதமும், 10 மி.மீ. சல்லடையில் 25 முதல் 55 சதவீதமும், 4.75 மி.மீ. சல்லடையில் அதிகபட்சம் 10 சதவீதமும் கடந்து விழ வேண்டும்.

உங்கள் எண்களையே போட்டுப் பார்ப்போம். 10 மி.மீ. சல்லடையில் முக்கால் ஜல்லி 4 சதவீதமும் அரை ஜல்லி 40 சதவீதமும் கடக்கின்றன. முக்கால் ஜல்லியின் பங்கு 60 என்பதால் அதிலிருந்து 2.4, அரை ஜல்லியின் பங்கு 40 என்பதால் அதிலிருந்து 16, ஆக 18.4 சதவீதம்தான் கலவையில் கடக்கிறது. குறைந்தபட்சம் வேண்டியது 25. பெரிய கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பச் சிறு கல் இல்லாததால் அந்த வேலை முழுவதும் சாந்தின் தலையில் விழுகிறது. நீங்கள் கண்ட பிரிதலுக்கு இது பொருத்தமான காரணம்.

விகிதத்தை 40-க்கு 60 என்று திருப்பினால் 25.6 வரும்; கோட்டை ஒட்டித் தப்பும், அடுத்த லோடில் மீண்டும் விழும். 10 மி.மீ. ஒற்றை அளவு ஜல்லி கிடைத்தால் அதைச் சேர்ப்பதே மேல். அந்தக் கல்லில் 88 சதவீதம் 10 மி.மீ. சல்லடையைக் கடப்பதாகக் கொண்டு, முக்கால் 50, அரை 30, பத்து 20 என்று கலந்தால் 2, 12, 17.6 சேர்ந்து 31.6 வருகிறது. இனி அறிக்கை கேட்கும்போது, நீங்கள் பயன்படுத்தப்போகும் விகிதத்தை எழுதிக்கொடுத்து, கலவையின் கிரேடிங்கையும் சேர்த்துத் தரும்படி கேளுங்கள். விகிதம் மாறினால் மணலின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஃபிளேக்கினெஸ் 18, எலாங்கேஷன் 24, கூட்டினால் 42. வரம்பு 40 என்பதால் லோடைத் திருப்பி அனுப்பலாமா?

திருப்புவதற்கு முன் ஆய்வகத்தின் எடைத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தன் அளவுப் பிரிவின் சராசரி அளவில் 0.6 மடங்குக்கும் குறைவான தடிமன் உள்ள கல் தட்டைக்கல், 1.8 மடங்குக்கும் மேல் நீளமுள்ளது நீள்கல். 20-க்கும் 16-க்கும் இடைப்பட்ட கற்களுக்குச் சராசரி 18 மி.மீ. ஆகையால், 10.8 மி.மீ. அகலப் பிளவுக்குள் நுழைந்து விழுவது தட்டைக்கல்.

கூட்டு விகிதம் காண்பதற்கு ஐ.எஸ். 383 ஒரு வரிசையை விதிக்கிறது: தட்டைக்கற்களை முதலில் பிரித்து ஒதுக்கிவிட்டு, எஞ்சிய கற்களில் மட்டுமே நீள்கல் சோதனையைச் செய்ய வேண்டும். உங்கள் அறிக்கையில் 2000 கிராம் மாதிரியில் 360 கிராம் தட்டையாகவும், அதே முழு மாதிரியில் 480 கிராம் நீளமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த 480-இல் 152 கிராம் தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும் கற்கள் என்று வைத்துக்கொண்டால், அவை இரண்டு முறை தண்டிக்கப்பட்டிருக்கின்றன. முறைப்படி செய்தால் எஞ்சிய 1640 கிராமில் நீள்கல் 328 கிராம், அதாவது 20 சதவீதம். கூட்டு விகிதம் 38. அந்த நிலையில் லோடு தேறிவிடும். எனவே அதே மாதிரியை முறையான வரிசையில் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.

முறையாகச் செய்தும் 40-ஐத் தாண்டினால், கான்கிரீட்டையே சோதித்துப் பார்த்துப் பொறுப்புப் பொறியாளர் தளர்த்த இடமுண்டு. ஆனால் பம்பு செய்யும் கான்கிரீட்டுக்கு அப்படித் தளர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். தட்டைக்கல் கூடினால் அதே இளக்கத்துக்குத் தண்ணீர் கூடுதலாக வேண்டும், குழாயும் எளிதில் அடைக்கும். படுத்துக் கிடக்கும் தட்டைக்கல்லின் அடியில் கசிவு நீர் தேங்குவதால் கல்லுக்கும் சாந்துக்கும் பிடிப்பும் குறைகிறது.

இம்பாக்ட் வேல்யூ 32 என்று வந்திருக்கிறது. வீட்டுத் தளத்துக்கு ஆகுமா?

ஆகும். அடி விழும்போது கல் எத்தனை சதவீதம் நொறுங்குகிறது என்பதைக் காட்டும் இந்த எண்ணுக்கு, சாலை, ஓடுதளம் போன்ற தேய்மானப் பரப்புகளில் வரம்பு 30; மற்றக் கான்கிரீட்டுக்கு 45. வாகனங்கள் ஓடும் கான்கிரீட் தளத்துக்கு இதே கல்லைப் போடாதீர்கள்.

எடைத்தாளில் ஒன்றைச் சரிபாருங்கள். 12.5 மி.மீ. சல்லடையில் விழுந்து 10-இல் தங்கிய உலர்ந்த கல்லை, 380 மி.மீ. உயரத்திலிருந்து விழும் சம்மட்டியால் 15 முறை அடித்து, 2.36 மி.மீ. சல்லடையில் சலிக்கிறார்கள். தங்கியதும் விழுந்ததும் சேர்ந்த எடை தொடக்க எடையிலிருந்து 1 கிராமுக்கு மேல் குறையக் கூடாது. உங்கள் தாளில் தொடக்கம் 330, விழுந்தது 105.6, தங்கியது 222. கூட்டினால் 327.6, 2.4 கிராமைக் காணவில்லை. பறந்துபோன தூள் விழுந்த பங்கில் சேர வேண்டியதாக இருந்திருக்கலாம். 32-க்கும் 45-க்கும் இடைவெளி பெரிது என்பதால் உங்கள் முடிவு மாறாது. ஆயினும் விதிப்படி அந்தச் சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

நீர் உறிஞ்சல் 1.4 சதவீதம். இந்த எண்ணை வைத்துத் தளத்தில் என்ன செய்வது?

இங்கே பார்க்கும் நான்கு சோதனைகளில், கட்டுமானத் தளத்தில் தினமும் கணக்குப் போட வேண்டிய எண் இதுதான். மிக்ஸ் டிசைன் தரும் தண்ணீர், கல் தன் உட்துளைகள் நிறைந்து மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலையில் இருப்பதாகக் கொண்டு கணக்கிட்டது. தளத்தில் கல் அப்படி இருப்பது அரிது.

ஒரு கன மீட்டருக்கு உலர் எடையில் 1130 கிலோ ஜல்லி, 350 கிலோ சிமெண்ட், 160 லிட்டர் தண்ணீர் என்று கொள்வோம். சித்திரை வெயிலில் கல்லின் ஈரம் 0.2 சதவீதம்தான் என்றால், அது இன்னும் 1.2 சதவீதம் குடிக்கும், ஏறத்தாழ 13.5 லிட்டர். அதைச் சேர்க்காமல் விட்டால் மிக்சரில் நன்றாகத் தெரிந்த கான்கிரீட் போகப் போக இறுகும். மேஸ்திரி குழாயைத் திறந்து கண்ணளவாக ஊற்றத் தொடங்குவது அப்போதுதான். மழைக்குப் பின் ஈரம் 2 சதவீதம் என்றால் நிலை தலைகீழ்: 0.6 சதவீதம், அதாவது சுமார் 6.8 லிட்டர், கல்லோடு கூடவே வருகிறது. அதைக் குறைக்காவிட்டால் நீர்-சிமெண்ட் விகிதம் 0.457-இலிருந்து 0.477-க்கு ஏறுகிறது. மணலின் ஈரத்துக்கும் இதே கணக்கைத் தனியே போட வேண்டும்.

இந்தச் சோதனையில் பிழை நேரும் இடம் துணியால் துடைக்கும் கட்டம். 24 மணி நேரம் ஊறிய கல்லில் பளபளப்பான நீர்ப்படலம் மறையும்வரை துடைக்க வேண்டும். 2000 கிராம் உலர் எடைக்கு 10 கிராம் நீர் மேற்பரப்பில் ஒட்டியிருந்தாலே உறிஞ்சல் அரை சதவீதம் கூடித் தெரியும்.

குவாரிக்காரர் தந்த அறிக்கையே போதுமா?

குவாரியை முதலில் தேர்ந்தெடுக்கப் போதும். தளத்தில் இறங்கிய ஜல்லியின் கிரேடிங்குக்குப் போதாது. லாரியிலிருந்து கொட்டும்போது பெரிய கல் குவியலின் அடிவாரத்துக்கு உருண்டுவிடுகிறது. மேல், நடு, அடி மூன்றிலும் மேற்பரப்பை விலக்கி அள்ளி, ஒன்றாகக் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்க் கால்பகுதிகளைச் சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மூட்டையில் லாரி இறங்கிய தேதியையும் எழுதிவிடுங்கள்.