சார்ஜ்பேக் வந்தால் பணம் யார் கையிலிருந்து போகும்? ஆன்லைன் விற்பனைத் தளங்களின் விற்பனையாளர் ஒப்பந்தம் பற்றி நான்கு கேள்விகள்

கமிஷன் 15 சதவீதம் என்றுதான் போட்டிருக்கிறார்கள். கைக்கு வருவது அதைவிடக் குறைகிறதே?

அந்த 15 எதன் மேல் என்று பாருங்கள். பல தளங்களில் வாங்குபவர் கட்டும் டெலிவரி கட்டணத்தையும் சேர்த்துத்தான் கமிஷன். பொருள் 1000, டெலிவரி 100 என்றால் கமிஷன் 165. பணப் பரிமாற்றக் கட்டணம் 2 சதவீதம் தனியாக இருந்தால் இன்னொரு 22 போய், 913 வரும். கூரியர் செலவையும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

சார்ஜ்பேக் என்றால் ரீஃபண்ட்தானே?

இல்லை. ரீஃபண்ட் நீங்கள் கொடுப்பது. சார்ஜ்பேக்கில் வாங்கியவர் தன் கார்டு வங்கியிடம் போய் முறையிடுகிறார், வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல காரணங்களுக்கு 120 நாள் வரை இதற்கு இடமுண்டு, அதனால் நீங்கள் செலவழித்து முடித்த பணத்துக்கும் வரலாம். மேலே சொன்ன ஆர்டரில் 1100 முழுவதும் உங்கள் அடுத்த பட்டுவாடாவில் கழியும், கூடவே ஒரு சார்ஜ்பேக் கட்டணமும் இருக்கலாம், பொருளும் திரும்பி வராது. பாவம் என்று அந்த நேரத்தில் தனியாக ரீஃபண்ட் கொடுத்துவிடாதீர்கள், இரண்டு முறை பணம் போகும்.

டெலிவரி ஆனதற்கு டிராக்கிங் இருக்கிறது. ஜெயிப்பேனா?

வங்கி என்ன காரணம் போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 'பொருள் வரவில்லை' என்றால் டிராக்கிங் நன்றாக உதவும். 'சொன்னபடி இல்லை' என்றால் அதைக் காட்டிப் பயனில்லை. அனுப்பும் முன் எடுத்த படம், அன்றைய விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், வாங்கியவரோடு நடந்த உரையாடல், இவைதான் பேசும். 'கார்டை நான் பயன்படுத்தவே இல்லை' என்பதுதான் மிகக் கடினம், டெலிவரி ஆதாரம் இருந்தும் தோற்கலாம். இந்த இழப்பைச் சில தளங்கள் தாங்களே ஏற்கும், ஆனால் ஆர்டரில் உள்ள முகவரிக்கே அனுப்பியிருக்க வேண்டும். சாட்டில் "வேறு வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று கேட்டதற்காக முகவரியை மாற்றினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அப்படிக் கேட்டால் ஆர்டரை ரத்து செய்து புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு சார்ஜ்பேக்குக்கே கணக்கை முடக்கி, பணத்தையும் நிறுத்திவிட்டார்களே?

சிறு விற்பனையாளருக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படும், ஏனென்றால் மொத்த ஆர்டர்களில் எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்கிறார்கள். அமேசானில் குறையுள்ள ஆர்டர்கள் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், சில வகை சார்ஜ்பேக்குகளும் இதில் சேரும். 40 ஆர்டரில் ஒன்று என்றாலே 2.5 சதவீதம். பணத்தை நிறுத்திவைப்பது பின்னால் வரக்கூடிய சார்ஜ்பேக்குகளுக்காக, அதனால் எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்ற பிரிவை ஒப்பந்தத்தில் முதலில் தேடுங்கள். மேல்முறையீட்டில் ஆர்டர் எண், நடந்தது என்ன, இனி எதை மாற்றுவீர்கள், இந்த மூன்றையும் எழுதி ஆதாரங்களை இணையுங்கள். பதில் வரும்வரை வீட்டில் வேறொருவர் பெயரில் புதுக் கணக்கு மட்டும் திறக்காதீர்கள். அதே முகவரியும் வங்கிக் கணக்கும் தெரிந்தால் இரண்டும் நிரந்தரமாகப் போகக்கூடும்.