அண்ணன் அனுப்பிய பணம் கடனா, முதலா?

கேள்வி: வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் எங்கள் குடும்பத் தொழிலுக்கு மூன்று நான்கு தடவையாகப் பணம் அனுப்பியிருக்கிறார். கடன் என்றும் பேசவில்லை, பங்கு என்றும் பேசவில்லை. கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

பதில்: அண்ணனிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். தொழில் நஷ்டப்பட்டு மூட வேண்டி வந்தாலும் இந்தப் பணம் அவருக்குத் திரும்ப வர வேண்டுமா? "ஆமாம், எப்படியாவது கொடுத்துவிடு" என்றால் கடன். "லாபத்தில் எனக்கும் பங்கு வேண்டும், போனால் எனக்கும் சேர்ந்து போகட்டும்" என்றால் முதல். "உனக்காகத்தானே கொடுத்தேன், கணக்கு எதற்கு?" என்றால் அது அன்பளிப்பு. அப்போது உங்கள் பெயரில் உள்ள முதல் கணக்கில்தான் ஏறும், அவர் பெயரே வராது. சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 32-ம் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் கோடு போடுகிறது: பணத்தைக் கொடுத்தே தீர வேண்டிய கடமை தொழிலுக்கு இருக்கிறதா, இல்லையா? தலைப்பில் என்ன பெயர் எழுதினோம் என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் எவ்வளவு பணம் என்பது முடிவாக வேண்டும். சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் ஆரம்பிப்பதைப் பார்க்கிறேன். நான் கணக்குப் பார்த்த ஓர் அச்சகம்: அக்கா வெளிநாட்டில், தம்பி தொழிலில். "நான் 12 லட்சம் போட்டிருக்கிறேன்" என்றார் அக்கா. பேரேட்டில் அவர் பெயரில் 5 லட்சம்தான் இருந்தது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

முதல் தடவை அனுப்பிய 5 லட்சம் நேராகத் தொழிலின் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது, அதில் குழப்பம் இல்லை. அடுத்த 4 லட்சம் தம்பியின் சொந்தக் கணக்குக்கு வந்தது. அவர் 3 லட்சத்தைத் தொழிலுக்கு மாற்றினார், 1 லட்சம் வீட்டுச் செலவுக்குப் போனது. வங்கித் தாளில் தம்பி பெயர் இருந்ததால் அந்த 3 லட்சத்தைத் தம்பியின் முதலாகவே எழுதிவிட்டார்கள். கடைசி 3 லட்சத்தை அக்கா இயந்திரம் விற்றவருக்கே நேரடியாக அனுப்பிவிட்டார். தொழிலின் வங்கியை அது தொடவே இல்லை. பில்லில் மீதி இருந்த தொகைக்குத்தான் இயந்திரம் வாங்கியதாகப் பதிவு போட்டிருந்தார்கள்.

சரிசெய்யும்போது எழுதியது இவ்வளவுதான்:

```
தம்பி முதல் க/கு     பற்று  3,00,000
  அக்கா க/கு          வரவு   3,00,000

இயந்திரம் க/கு        பற்று  3,00,000
  அக்கா க/கு          வரவு   3,00,000
```

அக்கா பெயரில் 11 லட்சம் ஆனது. மிச்சம் 1 லட்சம் தொழில் கணக்குக்கு உரியதே அல்ல, அது அக்காவும் தம்பியும் வீட்டுக்குள் பேசிக்கொள்ள வேண்டியது. உங்கள் விஷயத்திலும் ஒவ்வொரு தடவையும் பணம் எந்தக் கணக்கில் விழுந்தது, அங்கிருந்து எங்கே போனது என்று வங்கித் தாளை வைத்து முதலில் தேடுங்கள். பணம் அனுப்பும்போது குறித்த காரணத்தையும் பாருங்கள். "குடும்பப் பராமரிப்பு" என்று குறித்து அனுப்பிய பணத்தைப் பின்னால் முதலீடு என்று காட்டினால் கேள்வி வரும்.

சரி, 11 லட்சத்தைக் கடனாகவும் முதலாகவும் போட்டுப் பார்ப்போம். தம்பி போட்ட முதல் 9 லட்சம். தம்பியின் மாதச் சம்பளத்தைக் கழித்த பிறகு ஒரு வருட லாபம் 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கடன், வட்டி 8 சதவீதம் என்றால் அக்காவுக்கு 88,000, தம்பிக்கு 2,12,000. முதல், போட்ட அளவுக்குப் பங்கு என்றால் அக்காவுக்கு 1,65,000, தம்பிக்கு 1,35,000. அடுத்த வருடம் 2 லட்சம் நஷ்டம். கடனாக இருந்தால் வட்டியும் சேர்ந்து 2,88,000 முழுக்கத் தம்பி தலையில், அக்காவின் 11 லட்சம் அப்படியே நிற்கும். முதலாக இருந்தால் அக்கா கணக்கில் 1,10,000 குறைந்து 9,90,000 ஆகும். லாப வருடத்தில் "நான் பார்ட்னர்", நஷ்ட வருடத்தில் "நான் கொடுத்தது கடன்" என்று பேச எல்லாருக்கும் ஆசை வரும். அதனால் அந்த 11 லட்சத்தை அனாமத்துக் கணக்கில் வருடக்கணக்காகத் தொங்கவிடக் கூடாது.

தம்பிக்குச் சம்பளம் வைத்துவிட்டுத்தான் லாபத்தைப் பிரித்தோம், கவனித்தீர்களா? தினமும் உழைப்பவருக்குச் சம்பளம் வைக்காமல் முதலுக்கு மட்டும் பங்கு பிரித்தால், இரண்டே வருடத்தில் அவருக்கு மனம் கசந்துவிடும்.

முதல் என்று முடிவு செய்வதற்கு முன் தொழில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் பெயரில் மட்டும் நடக்கும் தொழிலில் இரண்டாவது ஆளுக்கு முதல் கணக்கு கிடையாது. அண்ணன் பங்கு கேட்டால் கூட்டு நிறுவனமாகவோ கம்பெனியாகவோ மாற்றியாக வேண்டும். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் பார்ட்னர் ஆனால், தொழிலின் கடனுக்கு அவரது சொந்தச் சொத்தும் பொறுப்பு. எங்கோ இருந்துகொண்டு, தினசரி நடப்பு எதுவும் தெரியாமல் அந்தப் பொறுப்பை ஏற்பது அவருக்கு நல்லதல்ல. நிர்வாகத்தில் கலந்துகொள்ளாத உறவினரின் பணத்தைக் கடனாக எழுதுவதையே நான் விரும்புவேன். வங்கியில் கடன் கேட்கப் போகும்போது முதல் அதிகமாகத் தெரிந்தால் நல்லது என்று சிலர் காகிதத்தில் முதல், வாய்ப்பேச்சில் கடன் என்று வைப்பார்கள். பிரச்சினை வந்தால் காகிதம்தான் நிற்கும். உறவினரின் கடன் இருந்தாலும், வங்கிக் கடன் தீரும்வரை அதைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் பல வங்கிகள் ஏற்றுக்கொள்ளும்.

கடன் என்றால் பலர் யோசிக்காமல் விடுவது, எந்த நாட்டுப் பணத்தில் கடன் என்பது. அண்ணன் அனுப்பியது அவர் ஊர்ப் பணம் 10,000, அன்றைய மாற்று விகிதம் 50, உங்களுக்கு வந்தது 5 லட்சம். மூன்று வருடம் கழித்து விகிதம் 60. கடன் அவர் பணத்தில் என்றால் இப்போது நீங்கள் தர வேண்டியது 6 லட்சம். உங்கள் பணத்தில் என்றால் 5 லட்சம்தான், ஆனால் அவர் கைக்குப் போவது 8,333. அந்த வித்தியாசத்தை யாராவது ஒருவர் சுமந்தாக வேண்டும். அவர் பணத்தில் கடன் என்று முடிவு செய்தால், ஐஏஎஸ் 21 தரப்படி ஒவ்வொரு ஆண்டு முடிவிலும் அன்றைய விகிதத்தில் பாக்கியைத் திருப்பி மதிப்பிட்டு, வித்தியாசத்தை லாப நட்டத்தில் காட்ட வேண்டும். முதலாக எழுதிய தொகைக்கு இந்தத் தொல்லை இல்லை, வந்த நாள் மதிப்பிலேயே நிற்கும்.

எல்லாம் பேசி முடித்ததும் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மொத்தத் தொகை, வந்த தேதிகள், எந்தப் பணத்தில், வட்டி எவ்வளவு, எப்போதிலிருந்து திருப்பிக் கொடுப்பது, இவை போதும். தேதி இன்றைய தேதியாகவே இருக்கட்டும், பழைய தேதி போட வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவரிடம் கடன் வாங்கவோ பங்கு கொடுக்கவோ தெரிவிப்பு விதிகளும், வட்டியில் வரி பிடிக்கும் விதியும் பல நாடுகளில் இருக்கின்றன. அதனால் அடுத்த தவணை கிளம்புவதற்கு முன் உங்கள் வங்கியிலும் ஆடிட்டரிடமும் கேளுங்கள். கொஞ்ச வருடம் கழித்து அண்ணன் பங்குக்கு வர விரும்பினால், பார்ட்னராகச் சேர்க்கும் நாளில் கடன் கணக்கைப் பற்று வைத்து முதல் கணக்குக்கு வரவு வைத்தால் போதும். அதுவரை வருட முடிவில் "உங்கள் பெயரில் பாக்கி இவ்வளவு" என்று அவருக்கு எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கி ஃபைலில் வையுங்கள்.