சாவியை எடுப்பதற்கு முன் போனில் ஐந்து நிமிடம்

கேள்வி: மடிப்பாக்கத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டை வாடகைக்கு விட வேண்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் இருப்பது தாம்பரத்தில். போன ஞாயிறு போய்க் காட்டினேன். ஒருவர் லிஃப்ட் இல்லை என்று கீழேயே திரும்பிவிட்டார். இன்னொருவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வீடு வேண்டுமாம். போனிலேயே என்ன கேட்டால் இந்த அலைச்சல் குறையும்?
– வாசகி, தாம்பரம்

பதில்: கேட்பதற்கு முன்னால் வீட்டின் குறையை நீங்களே சொல்லிவிடுங்கள். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, கார் நிறுத்த இடம் உண்டா, தண்ணீர் போரா லாரியா, வாடகை போக மெயின்டனன்ஸ் எவ்வளவு. விளம்பரத்தில் போட்டிருந்தாலும் சொல்லுங்கள். பலர் படத்தையும் வாடகையையும் மட்டும் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலியோடு அம்மா இருக்கும் வீடு என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், இருவருக்கும் நல்லது.

வருபவரைப் பற்றிக் கேட்கும்போது இதற்கு நேர்மாறாக, உங்கள் நிபந்தனையை வெளியே விடாமல் கேளுங்கள். “ஒன்றாம் தேதியே வந்துவிட முடியுமா?” என்றால் எல்லோரும் “வந்துடலாம் மேடம்” என்பார்கள். “எப்போது குடிவரலாம் என்று இருக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டு, “இப்போது இருக்கிற வீட்டில் சொல்லியாச்சா?” என்றும் கேளுங்கள். இன்னும் சொல்லவில்லை என்றால் அந்த வீட்டுக்காரருக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ அவகாசம் கொடுத்தாக வேண்டும். அவர் சொன்ன தேதி நடக்காது. அதேபோல “ஃபேமிலிதானே?” என்று கேட்காமல், “யார் யார் இருக்கப் போகிறீர்கள், வண்டி என்னென்ன?” என்று கேளுங்கள்.

பெரும்பாலோர் கேட்க மறப்பது, வீட்டைப் பார்த்து முடிவு செய்வது யார் என்பதை. என் தங்கை வீட்டை விட்டபோது சனிக்கிழமை ஒரு தம்பி தனியாக வந்தார், பிடித்துவிட்டது என்றார், சமையலறையை வீடியோ எடுத்துக்கொண்டார். புதன்கிழமை அவர் மனைவி வந்து, ஃபிரிட்ஜை ஹாலில்தான் வைக்க வேண்டுமா என்று கேட்டார். ஞாயிறு அவர் மாமியார் வந்தார். மூன்று முறை காட்டியும் அந்த வீடு அவர்களுக்கு அமையவில்லை. “முடிவு செய்கிறவர் எல்லோரும் சேர்ந்து வருகிற நாளாகச் சொல்லுங்கள்” என்று முதல் போனிலேயே கேட்டிருந்தால் ஒரு தடவையோடு தெரிந்திருக்கும்.

அப்புறம் பணம். வாடகை 18,000, மெயின்டனன்ஸ் 2,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20,000. வீட்டுக்கு வருகிற சம்பளம் 60,000 என்றால் மூன்றில் ஒரு பங்கு, தாங்கும். 40,000 என்றால் பாதி போய்விடும். பள்ளிக் கட்டணம் கட்டுகிற மாதத்தில் வாடகை தள்ளிப்போகும். ஆனால் முகம் தெரியாதவரிடம் போனில் சம்பளத்தைக் கேட்பது நன்றாக இருக்காது. எங்கே வேலை, எத்தனை வருடமாக என்று மட்டும் கேட்டுவிட்டு, “அக்ரிமென்ட் போடும்போது சம்பள ஸ்லிப் பார்ப்பேன், பரவாயில்லையா?” என்று சொல்லிவையுங்கள். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யப் போவதையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எழுத்தில் போட்டுப் பதிவு செய்வதுதான் முறை. ஒளிப்பதற்கு ஏதாவது இருப்பவர் இந்த இடத்தில் தயங்குவார். அட்வான்ஸும் அந்தச் சட்டப்படி, இருவரும் வேறு விதமாக ஒத்துக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. உங்களுக்கு அது 54,000. பத்து மாதம் கேட்டு நல்ல குடும்பத்தை விரட்டிவிடாதீர்கள்.

சாதி, மதம், கறி சாப்பிடுவார்களா என்பதையெல்லாம் கேட்கவே கேட்காதீர்கள். ஒன்றாம் தேதி வாடகை வருமா, சுவரில் ஆணி அடிப்பார்களா என்பதற்கு அதில் பதில் இல்லை. எதிர்முனையில் இருப்பவருக்கு அது அவமானம்.

வீட்டைப் பார்க்கவே வேண்டாம், இப்போதே அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்பவர் ஒருவராவது கூப்பிடுவார். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன் என்பார். க்யூஆர் கோட் அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார். போனை வைத்துவிடுங்கள். பின் நம்பர் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் பணம் போகும். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

இவ்வளவும் கேட்ட பிறகு தேறுபவர் மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர்களை ஒரே ஞாயிறு காலையில், இருபது நிமிட இடைவெளியில் வரச் சொல்லுங்கள். முதலில் வருபவரிடம் மட்டும், “நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பியதும் கூப்பிடுங்கள்” என்று சொல்லிவையுங்கள். அந்த போன் வந்த பிறகு நீங்கள் தாம்பரத்திலிருந்து கிளம்பினால் போதும்.