மெயின்ஸ் விடைத்தாள்: எந்தப் பேனா, எங்கே பதிவெண்?

தேனியிலிருந்து ஒரு குரூப் 1 தேர்வர்: தலைப்புக்கு நீலம், விடைக்குக் கறுப்பு என்று எழுதினால் திருத்துபவருக்குப் படிக்கச் சுலபம் என்று கோச்சிங்கில் சொன்னார்கள். இரண்டுமே அனுமதிச்ச நிறம்தானே சார்?

பள்ளிப் பொதுத்தேர்வுப் பழக்கம் இது. அங்கே நீலம், கறுப்பு இரண்டும் செல்லும், அதனால் யாரும் கண்டுகொள்வதில்லை. போட்டித் தேர்வில் "நீலம் அல்லது கறுப்பு" என்று போட்டிருந்தால், ஏதாவது ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதிலேயே எழுதுங்கள். ஹால் டிக்கெட்டிலோ விடைப் புத்தக அட்டையிலோ "கறுப்பு மட்டும்" என்று இருந்தால் நீலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

காரணம் அழகல்ல, அடையாளம். திருத்துபவர் கையில் உங்கள் பெயரோ எண்ணோ இருக்காது. ஒருவர் தலைப்பை ஊதாவில் எழுதி, முக்கிய வரிக்குப் பச்சையில் கோடு போட்டால், "இது என் தாள்" என்று முன்பே சொல்லி வைத்த குறியாக அதை எடுத்துக்கொள்ள இடமுண்டு. 2000-01 குரூப் 1 தேர்வு வழக்கு இதில்தான் சிக்கியது. பல நிற மை, ஸ்கெட்ச் பேனா, பென்சில் என்று விடைத்தாளில் விதிகளை மீறியதாகச் சொல்லி 83 பேரின் நியமனம் ரத்தாயிற்று, 2014-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அத்தனை வருடம் பணியில் இருந்தவர்கள் அவர்கள். தலைப்பைத் தனியாகக் காட்ட வேண்டுமா? அதே பேனாவால் அடிக்கோடு போடுங்கள், மேலே ஒரு வரி இடம் விடுங்கள். போதும்.

திருச்சி: ஜெல் பேனா வேகமாக ஓடும். பால் பாயிண்ட் கை வலிக்கிறது. ஜெல் போடலாமா?

அட்டையில் "பால் பாயிண்ட் மட்டும்" என்று இருந்தால் கேள்வியே கிடையாது. வகை எதுவும் குறிப்பிடாமல் நிறம் மட்டும் இருந்தால் ஜெல்லுக்குத் தடையில்லை. ஆனால் ஒருமுறை சோதித்துவிட்டுப் போங்கள். வீட்டில் இருக்கும் மலிவான வெள்ளைத் தாளில் பத்து வரி எழுதுங்கள். உடனே விரலால் தேயுங்கள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். எழுத்து இழுபட்டாலோ பின்பக்கம் நிழல் தெரிந்தாலோ அந்தப் பேனா வேண்டாம். ஜெல் மை நீர் கலந்தது, காயச் சில நொடிகள் பிடிக்கும். மே மாத ஹாலில் உள்ளங்கை வியர்வை பட்டால் மூன்று வரி கரைந்து ஒன்றாகிவிடும். இடது கையால் எழுதுபவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை. பால் பாயிண்ட் மை எண்ணெய் சார்ந்தது, தண்ணீர் பட்டாலும் நிற்கும்.

கை வலிக்குக் காரணம் பெரும்பாலும் மை அல்ல, மெல்லிய பிடி. தடித்த ரப்பர் பிடி உள்ள 0.7 முனைப் பேனாவை எடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்.

அழிக்கக்கூடிய ஜெல் பேனாவைத் தொடவே வேண்டாம். சுமார் 60 டிகிரி வெப்பத்தில் அந்த மை நிறம் இழக்கும். தாள் கட்டுகள் வெயிலில் நிற்கும் வண்டியில் போகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சேலம்: என் அனுபவம் வேற. குரூப் 4-ல் வட்டத்தைக் கறுப்புப் பேனாவால்தான் நிரப்பினேன், எதுவும் ஆகலையே?

அது ஓஎம்ஆர் தாள், கதை வேறு. அங்கே இயந்திரம் வட்டத்தின் கருமையைப் பார்க்கிறது. இங்கே ஒரு மனிதர் பக்கத்தைப் படிக்கிறார். சில இடங்களில் ஸ்கேன் செய்த படத்தைத் திரையில் வைத்துத் திருத்துகிறார்கள். வெளிறிய நீலம் அந்தப் படத்தில் இன்னும் வெளிறிப்போகும். இரண்டு நிறமும் செல்லும் என்றிருந்தாலும் நான் கறுப்பையே சொல்வதற்கு இதுதான் காரணம்.

விழுப்புரம், யுபிஎஸ்சி தேர்வர்: ரோல் நம்பர் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. பூஜ்ஜியத்துக்கு மதிப்பில்லை என்று விட்டுவிட்டால் என்ன?

விடக்கூடாது. யுபிஎஸ்சி ரோல் நம்பர் ஏழு இலக்கம். உதாரணமாக 0806174 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு இடமிருந்து எழுதினால் கட்டத்தில் 806174 வரும், கடைசிக் கட்டம் காலியாக நிற்கும். எந்த இலக்கம் விடுபட்டது என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? ஹால் டிக்கெட்டில் உள்ளபடி எழுதி, கட்டங்களை எண்ணிப் பார்த்து, வலமிருந்து இடமாக ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள். இடமிருந்து வாசித்தால் கண் மனப்பாடமான எண்ணைத்தான் படிக்கும், தாளில் இருப்பதைப் படிக்காது.

இந்த எண்ணிலேயே 1, 7, 4, 6 நான்கும் ஆபத்தானவை. 1-க்கு மேலே கொக்கி போட்டால் 7 ஆகும். 4-இன் மேல்பகுதியை மூடினால் 9 ஆகும். 6-இன் வால் குட்டையானால் 0 ஆகும். 1 வெறும் கோடு, 4 மேலே திறந்தது, 6-க்கு நீண்ட வால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே தேர்வர்: தப்பாக எழுதிவிட்டால் ஒயிட்னர்?

வேண்டாம், அதன் மேல் எழுதவும் வேண்டாம். 4-ஐ 9-ஆக மாற்றித் தடிமனாக்கினால் இரண்டுமில்லாத ஒரு மசிதான் மிஞ்சும். உடனே கண்காணிப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் சொல்லும் முறையில் ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, அவருடைய கையொப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவுத் தாளில் உங்கள் எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட உதவும்.

நெல்லை: உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பதிவெண் எழுதினேன், தாள் பிரிந்துபோனால் தெரியட்டும் என்று. சரிதானே?

நல்ல எண்ணம், ஆனால் தவறான இடம். எண் அதற்கென்று விட்ட இடத்தில் மட்டும்தான். அட்டை உங்களைச் சொல்லும், உள்பக்கம் சொல்லக்கூடாது. பள்ளிப் பொதுத்தேர்விலும் இப்படித்தான். புகைப்படமும் பார்கோடும் உள்ள முகப்புத் தாளைத் தைத்துக் கொடுப்பதால், உள்ளேயோ கூடுதல் தாளிலோ தேர்வெண் எழுதக்கூடாது.

கடிதம் எழுதும் கேள்வியிலும் இதே பொறி உண்டு. எஸ்எஸ்சியின் சிஎச்எஸ்எல் 2018 கடிதத் தாளில் பெயர், முகவரி எழுதியதற்காக நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு முறைகேடு என்று போட்டார்கள். கற்பனைப் பெயர்தானே என்ற வாதம் முதலில் எடுபடவில்லை. கேள்வியில் என்ன பெயர் கொடுத்திருக்கிறதோ அதையே எழுதுங்கள். கொடுக்கவில்லையென்றால் "அஆஇ" போதும்.

மீண்டும் தேனி: பாதியில் மை தீர்ந்து, பக்கத்தில் இருந்தவர் நீலப் பேனா கொடுத்தால்?

ஒரே நிறம்தான் என்று அட்டை சொன்னால், வாங்காதீர்கள். கண்காணிப்பாளரிடம் அதே நிறத்தைக் கேளுங்கள். கிடைக்கவே இல்லையென்றால், அவரிடம் சொல்லி, அவர் குறித்துக்கொண்ட பிறகு எழுதுவதுதான் இருக்கும் வழி. அது பின்னால் ஏற்கப்படுமா என்பது அந்தந்தத் தேர்வாணையம் முடிவு செய்வது, இதில் நான் உறுதி தரமாட்டேன். ஒரே பெட்டியிலிருந்து ஒரே மாதிரி மூன்று பேனா எடுத்து, மூன்றிலும் அரைப்பக்கம் எழுதிப் பழக்கி வையுங்கள். புதுப் பேனா முதல் வரியில் மக்கர் பண்ணும்.

கடலூர்: வரைபடத்துக்குப் பென்சில்?

யுபிஎஸ்சியில் வரைபடத்துக்குப் பென்சில் ஆகும், விடைக்கு ஆகாது. மற்ற தேர்வுகளில் அட்டையில் பென்சில் என்ற சொல்லைத் தேடுங்கள், இல்லையென்றால் பேனாவிலேயே வரையுங்கள்.