கணக்காளர் ரெஸ்யூமேவில் மாத இறுதிக் கணக்கு முடிப்பை எப்படி எழுதுவது?

"4 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வேலை விளம்பரத்தில் தொழில்முறைச் சான்றிதழ், வரி மென்பொருள், மாத இறுதிக் கணக்கு முடிப்பு அனுபவம் மூன்றும் கேட்கிறார்கள். ஏசிசிஏ தேர்வுகளை முடித்துவிட்டேன், ஆனால் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை. ரெஸ்யூமேவை எப்படி மாற்றுவது?"

எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது ரெஸ்யூமேக்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. இந்த மூன்றில் பெரும்பாலோர் கோட்டைவிடுவது மாத இறுதிக் கணக்கு முடிப்பில்தான். "மாத இறுதிப் பணிகளைக் கவனித்தேன்" என்ற வரியை வைத்து, எழுதியவர் கணக்கை முடித்தாரா, முடிப்பவருக்கு ரசீதுகளை எடுத்துக் கொடுத்தாரா என்று சொல்லவே முடியாது.

அந்த வரியை இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒவ்வொரு மாதமும் 3 வங்கிக் கணக்குகளுக்குச் சரிகட்டும் பட்டியல் தயாரித்து, கொடுபட வேண்டிய செலவுகளையும் தேய்மானத்தையும் பதிந்து, 5 வேலை நாட்களுக்குள் இருப்பாய்வை மேலாளரின் ஒப்புதலுக்கு அனுப்பினேன்." எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பதிவை நீங்களே போட்டீர்கள், எத்தனை நாளில் முடித்தீர்கள், யார் சரிபார்த்தார்கள் என்ற மூன்றும் அதில் தெரிந்தால் போதும்.

நேர்காணலில் இந்த வரியைத்தான் தோண்டுவார்கள். நான் வழக்கமாகக் கேட்டது இது: 30ஆம் தேதி சரக்கு வந்துவிட்டது, விற்றவரின் பில் அடுத்த மாதம்தான் வரும், என்ன செய்வீர்கள்? உண்மையில் கணக்கு முடித்தவர், சரக்கு வந்த ரசீதையும் கொள்முதல் ஆணையின் விலையையும் வைத்து அந்த மாதத்திலேயே கொள்முதலையும் கடன்பொறுப்பையும் பதிந்து, அடுத்த மாத முதல் நாளில் அதைத் திருப்பிப் பதிவேன் என்பார். திருப்பிப் பதிய மறந்தால் பில் வந்ததும் அதே கொள்முதல் இருமுறை ஏறிவிடும் என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொல்வார்.

வரி மென்பொருளைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் உள்ள பெயரை நீங்கள் பயன்படுத்தியிருந்தால் அதே எழுத்துக்கோவையில் போடுங்கள், ஏனெனில் முதல் வடிகட்டலைச் செய்பவர் பெரும்பாலும் கணக்குத் துறையைச் சேர்ந்தவர் அல்லர். வேறொன்றைப் பயன்படுத்தியிருந்தால் அதன் பெயரையே எழுதி, இருப்பாய்வை அதில் ஏற்றியது, வரித் தலைப்புகளோடு பொருத்தியது, பிழை காட்டிய படிவத்தைத் திருத்தி மீண்டும் அனுப்பியது என்று செய்த வேலையைச் சேருங்கள். ஒருமுறை திறந்து பார்த்த மென்பொருளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சான்றிதழ் வரியில் "ஏசிசிஏ" என்று மட்டும் எழுதினால், நீங்கள் உறுப்பினர் என்றுதான் பொருள்படும். "ஏசிசிஏ தேர்வுகள் அனைத்திலும் தேர்ச்சி" என்று ஆண்டோடு எழுதி, உறுப்பினராவதற்குத் தேவையான 36 மாத அனுபவத்தில் எத்தனை மாதங்களுக்கு மேற்பார்வையாளரின் ஒப்புதல் பெற்றிருக்கிறீர்கள் என்பதையும் குறிப்பிடுங்கள். 4 வருடம் வேலை செய்தும் உறுப்பினராகவில்லை என்றால், அந்த ஒப்புதல் பதிவுகள்தான் நிலுவையில் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். விளம்பரம் உறுப்பினர்களை மட்டுமே ஏற்கும் என்று சொன்னால் வரிகளை மாற்றி எழுதிப் பயனில்லை. நிலுவை அதுதான் என்றால், முதலில் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.